முதுகில் ஓர் இரைப்பை

பதினொரு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருத்திக்கு இரைப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். நித்திரையில் தட்டியெழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படியிருந்தும் வாழ்க்கையின் மிக முக்கியமான நாளில் அதை வலப்பக்கத்தில் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். அதற்கு என் கூடப்பிறந்த மூத்தவள் ராத்தாவும் ஓர் அலுமாரிக் கண்ணாடியும் காரணம். முழுப் பழியையும் அவர்கள் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

நான் சுஹைரா. மூதூரில் ஒரு பாடசாலையில் தொண்டர் ஆசிரியை. நியமனக் கடிதமும் இல்லை, சம்பளமும் இல்லை, ஆனால் பாடவேளை மட்டும் குறையாமல் உண்டு. விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை என்று அதிபர் கூப்பிட்டபோது போனேன். அடுத்த வருடம் நிரந்தரமாக்குவார்கள் என்றார். அந்த அடுத்த வருடம் பதினொரு தடவை வந்து போய்விட்டது. கடைசியாக இந்த வருடம்தான் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. வயதெல்லை நாற்பத்தைந்து. எனக்கு நாற்பத்து நான்கும் பத்து மாதமும். இதில் தவறினால் இனி ஒருபோதும் இல்லை.

பரீட்சையில் முக்கியமானது பத்து நிமிடப் பாடம். கற்பித்தல் சாதனம் ஒன்றைச் செய்துகொண்டு போக வேண்டும். அதிகாரிகள் கதிரையில் மாணவர்களாக இருப்பார்கள், நாம் அவர்களுக்குப் படிப்பிக்க வேண்டும். நான் தரம் எட்டின் சமிபாட்டுத் தொகுதியை எடுத்தேன். அந்தப் பாடத்தில் பிள்ளைகள் வருடா வருடம் இரண்டே இரண்டு பிழைகளைத்தான் விடுவார்கள், எனக்கு அலுத்துப்போன பிழைகள். ஒன்று, வாயில் போட்ட சாப்பாட்டை ஈரலுக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவருவார்கள். மற்றது, புத்தகத்துப் படத்தில் இரைப்பை வலக்கைப் பக்கம் தெரிவதால் தங்கள் வயிற்றிலும் அது வலப்பக்கம் இருப்பதாக நினைப்பார்கள். படத்தில் இருக்கிற மனிதன் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், அவனுடைய இடப்பக்கம் நமக்கு வலமாகத் தெரிகிறது என்று எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது.

அதனால்தான் ஏப்ரன் யோசனை வந்தது. துணியில் உறுப்புகளைத் தைத்து நானே மாட்டிக்கொண்டு நின்றால் இடம் வலம் பற்றி ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் வராது. அப்படித்தான் நினைத்தேன்.

ராத்தா ஆதிலா மூதூரில் பேர்போன தையல்காரி. அபாயா, பாடசாலைச் சட்டை, கலியாண உடுப்பு எல்லாம் அவளுடைய முன்னறையில்தான் பிறக்கும். புத்தகத்துப் படத்தைப் பெரிதாக்கி எண்ணெய்த் தாளில் வரைந்து கொடுத்தேன். நான்கு நாள் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுத் தைத்தாள். ஈரலுக்குத் தவிட்டு நிறம், இரைப்பைக்கு ரோசாப்பூ நிறம், பித்தப்பைக்குப் பச்சை. சிறுகுடலுக்குத் துணியைக் குழாயாகத் தைத்துப் பஞ்சு அடைத்து, வளைத்து வளைத்து வைத்திருந்தாள். இரைப்பையைத் தூக்கினால் அடியில் மஞ்சளாகச் சதையி, அதாவது கணையம். பெயர்களைத் தனித்தனிப் பட்டிகளாகச் செய்து, பாடத்தின்போது ஒட்டிக் கழற்ற வெல்க்ரோவும் வைத்திருந்தாள்.

பரீட்சைக்கு முதல் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு போனேன். மெசினை விட்டு எழும்பியதும் ராத்தா அதை என் கழுத்தில் மாட்டி, பின்னால் முடிச்சும் போட்டு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"பாருடி. புத்தகத்தில இருக்கிற மாதிரியே இருக்கா இல்லையா?"

பார்த்தேன். அச்சு அசல் புத்தகத்துப் படமேதான். அப்படியே கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடத்தை ஏழு தரம் ஒத்திகை பார்த்தேன். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு தரமாவது அதைக் கட்டிலில் விரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் திருகோணமலைக்குப் போனேன். பரீட்சை நடந்த கல்விக் கந்தோர் துறைமுகப் பக்கம், மேல்மாடி. கீழே வளவில் இரண்டு மான்கள் யாரோ போட்ட பாண் துண்டைத் தின்றுகொண்டு நின்றன. வராந்தாவில் இருபது பேர் இருந்தோம். எல்லாரும் என்னைப் போல வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள். எல்லாருடைய கையிலும் படம் வரைந்து சுருட்டிய பிரிஸ்டல் போட் அட்டை. என்னிடம் மட்டும் துணிப்பை.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் பூரணி, வெருகல் பக்கத்துப் பிள்ளை. புள்ளி வழங்கும் தாளை எங்கிருந்தோ போட்டோ பிடித்து வைத்திருந்தாள். பாட அறிவு, சாதனம், மாணவர் பங்கேற்பு, குரல் என்று நீண்ட பட்டியல். "வகுப்புக்கு முதுகு காட்டாதிருத்தல்" என்று ஒரு தனி வரியே இருந்தது.

"அக்கா, இதில கவனம்," என்றாள். "போட்டைப் பாத்து நிண்டு கதைச்சு எத்தினை பேர் கோட்டை விட்டவை தெரியுமோ."

"எனக்கு போட்டே தேவையில்ல தங்கச்சி," என்று பையைத் தட்டிக் காட்டினேன். என்ன ஒரு திமிர்.

பதினொரு மணிக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே இரண்டு பேர். காசிநாதர் சேர் விஞ்ஞானம் படிப்பித்து, மேலே வந்து, இப்போது இளைப்பாறப் போகிற வயதில் இருப்பவர். சிரிப்பது சட்டவிரோதம் என்று நினைப்பவர் போல இருந்தார். மற்றவர் ஞானமணி மிஸ். தொலைபேசியில் நேரம் பார்ப்பதும் அவர்தான்.

"பிள்ளை, நாங்கள் ரெண்டு பேரும் இப்ப எட்டாம் வகுப்புப் பிள்ளையள்," என்றார் காசிநாதர் சேர். "தொடங்குங்கோ."

பையிலிருந்து ஏப்ரனை எடுத்து உதறி, அபாயாவுக்கு மேல் மாட்டி முடிச்சுப் போட்டேன். சிவப்புத் துணி உருண்டை ஒன்றைக் கையில் எடுத்தேன். அதுதான் சாப்பாடு.

"பிள்ளைகள், இது நீங்க காலையில சாப்பிட்ட பிட்டும் மீன் குழம்பும். பிட்டில மாப்பொருள். மீனில புரதம். குழம்பில விட்ட தேங்காய்ப்பாலில கொழுப்பு. இது எங்கெங்க போகுது எண்டு பாப்பம். முதல்ல வாய். பல் அரைக்குது, நாக்கு புரட்டுது, உமிழ்நீர் நனைக்குது. உமிழ்நீரில இருக்கிற நொதியம் மாப்பொருளை உடைக்கத் தொடங்குது. அதனாலதான் பிட்டை மெண்டுகொண்டே இருந்தா கொஞ்சம் இனிக்கும்."

உருண்டையைத் தொண்டைக்குக் கீழே வைத்தேன்.

"இந்தக் குழாய்க்குப் பேர் களம். இதில சமிபாடு ஒண்டும் நடக்காது. சுவர் மேலிருந்து கீழ சுருங்கிச் சுருங்கிச் சாப்பாட்டைத் தள்ளும். தலைகீழா நிண்டு விழுங்கினாலும் அது இரைப்பைக்குத்தான் போகும். சரி, எல்லாரும் உங்கட இரைப்பை இருக்கிற இடத்தில கைய வைங்க பாப்பம்."

இது என்னுடைய வகுப்பு வழக்கம். நானும் பிள்ளைகளோடு சேர்ந்து கை வைப்பேன். பதினொரு வருடப் பழக்கத்தில் என் கை தானாக இட விலா எலும்புக்குக் கீழே போனது.

கையில் பட்டது ரோசாப்பூ நிறம் இல்லை. தவிட்டு நிறம். என் கை ஈரலின் மேல் இருந்தது.

ஒரு கணம் எனக்கு எதுவும் விளங்கவில்லை. குனிந்து பார்த்தேன். இரைப்பை வலப்பக்கம், ஈரல் இடப்பக்கம். முழு ஏப்ரனும் இடம் வலம் மாறித் தைக்கப்பட்டிருந்தது.

பிறகு எல்லாம் ஒன்றாக விளங்கியது. தையல்காரர்கள் துணியின் உட்பக்கத்தில்தான் அடையாளம் போடுவார்கள், வெளியே கோடு தெரியக் கூடாது என்று. ராத்தாவும் என் தாளை உட்பக்கத்தில் வைத்துக் கீறி, ஊசியால் குத்தி வெளிப்பக்கத்துக்கு எடுத்துத் தைத்திருக்கிறாள். சட்டைக்கு அது பரவாயில்லை, ஆளுக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒன்றுதான். உள்ளே அப்படி இல்லை. நானோ அதைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தேன். ராத்தா மாற்றியதைக் கண்ணாடி திரும்பவும் மாற்றிச் சரியாகக் காட்டிவிட்டது.

வெட்கத்தில் காது சுட்டது. ராத்தா மேல் கோபம், கண்ணாடி மேல் கோபம், எல்லாவற்றையும் விட என் மேல் கோபம். பிள்ளைகளின் குழப்பத்தைத் தீர்க்கிறேன் என்று புறப்பட்டவள் அதே குழப்பத்தை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறேன். எதிரே இரண்டு அதிகாரிகளும் மரியாதையான பிள்ளைகளாக வயிற்றில் கை வைத்திருந்தார்கள். கவனித்துவிட்டார்களா, இல்லையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றும் நடக்காதது போலத் தொடரலாம். இன்னும் ஆறு நிமிடம்தான். அவர்கள் கவனிக்காமலே விடலாம். கவனித்தால் பாட அறிவில் பூச்சியம், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கழற்றி வைத்துவிட்டு வாயால் சொல்லலாம். அப்போது சாதனத்துக்குப் புள்ளி இல்லை.

மூன்றாவது வழி கண்ணாடியை நினைத்துத் திட்டியபோதுதான் வந்தது. இடம் வலம் மாறிய படத்தை இன்னொரு தரம் மாற்றினால் சரியாகிவிடும். முன்னால் பிழையாக இருப்பதை அப்படியே பின்னால் மாட்டினால், பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு ஈரல் என் வலப்பக்கத்தில் இருக்கும், இரைப்பை இடப்பக்கத்தில். ஆனால் அதற்கு நான் வகுப்புக்கு முதுகு காட்ட வேண்டும். பூரணி காட்டிய அந்த வரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"பிள்ளைகள்," என்றேன். "மிஸ் ஒரு பிழை விட்டுட்டன். இந்த ஏப்ரன் இடம் வலம் மாறித் தைச்சிருக்கு. எண்ட இரைப்பை வலப்பக்கம் தொங்குது. இதைப் பாத்து நீங்க படிக்கக் கூடாது."

ஞானமணி மிஸ் தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார். நான் முடிச்சை அவிழ்த்து, ஏப்ரனைப் பின்பக்கமாகச் சுற்றி மாட்டி, முன்னால் முடிச்சுப் போட்டேன். பெயர்ப் பட்டிகளையும் சாப்பாட்டு உருண்டையையும் மேசையில் வைத்துவிட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"இப்ப நீங்க எண்ட உடம்பைப் பின்னாலிருந்து பாக்கிறீங்க. உங்கட வலக்கைப் பக்கம்தான் எண்ட வலமும். இப்ப எல்லாம் அததுட பக்கத்தில இருக்கு. எண்ட முதுகு எண்ட கண்ணுக்குத் தெரியாது, அதனால பேர்களை நீங்கதான் வந்து ஒட்ட வேணும்."

எனக்கு முன்னால் வெள்ளைச் சுவரும் ஒரு நாட்காட்டியும். என் பதினொரு வருடமும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

கதிரை உரசுகிற சத்தம் கேட்டது.

"மிஸ், நீங்கள் ஒட்டுங்கோ. நான் சொல்லுறன்," என்று ஞானமணி மிஸ்ஸிடம் சொல்லும் காசிநாதர் சேரின் குரல். முஸ்லிம் பெண்ணின் முதுகில் ஆம்பிளை கை வைப்பது சரியில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஞானமணி மிஸ்ஸின் கைதான் என் இட விலாவில் அழுத்தியது.

"இதில ஈரல் எண்டு ஒட்டிட்டன் மிஸ்," என்றார் அவர், சின்னப் பிள்ளைக் குரலில்.

"இல்ல மகள், கழற்றுங்க. நீங்க தொட்டது எண்ட இடப்பக்கம். அதில இரைப்பை. புரதம் சமிக்கத் தொடங்குறது அங்கதான். இரைப்பை சாப்பாட்டைக் கடையும், அமிலம் விடும், கூழாக்கும். ஈரல் வலப்பக்கம், மேல."

கை வலப்பக்கம் நகர்ந்தது. சரியான இடத்தில் அழுத்தியது. அவர்கள் என்னைச் சோதிக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு உயிர் வந்தது.

"இப்ப சாப்பாட்டை ஈரலுக்குள்ள விடட்டோ மிஸ்?" என்று இந்தத் தடவை காசிநாதர் சேர் கேட்டார். அந்தப் பிழையை அவரும் ஆயிரம் விடைத்தாளில் பார்த்திருக்கிறார்.

"விடக்கூடாது. சாப்பாடு ஈரலுக்குள்ளயும் போகாது, சதையிக்குள்ளயும் போகாது. இரைப்பையால வெளிய வந்தா நேர முன்சிறுகுடல். உருண்டைய அதில வைங்க. ஈரல்ல செய்த பித்தத்தைப் பித்தப்பை சேத்து வச்சிருக்கும், அதுதான் பச்சைப் பை. பித்தம் குழாய் வழியா முன்சிறுகுடலுக்கு வந்து தேங்காய்ப்பால் கொழுப்பைச் சின்னச் சின்னத் துளியா உடைக்கும். சதையி விடுற சாறு மாப்பொருள், புரதம், கொழுப்பு மூண்டையும் சமிக்க வைக்கும். சாறுகள்தான் சாப்பாட்டைத் தேடி வரும்."

"அப்ப ஈரலுக்கு ஒண்டுமே போகாதோ?"

"போகும் மகன், இரத்தத்தில. இனிச் சிறுகுடல். சமிபாடு அங்கதான் முடியும். அதுட உள்சுவரில சடைமுளைகள் எண்டு விரல் மாதிரி நுணுக்கமான முளைகள். அதுகள் சமிச்ச சாப்பாட்டை உறிஞ்சும். சீனியும் அமினோ அமிலமும் இரத்தத்தில ஏறி முதல்ல ஈரலுக்குத்தான் போகும். அப்ப அது பிட்டும் இல்ல, மீனும் இல்ல."

உருண்டை என் இடுப்புக்கு மேல் வளைந்து வளைந்து போவதை உணர்ந்தேன். கூச்சமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

"மிச்சம் பெருங்குடலுக்கு. தொடங்குறது எண்ட வலப்பக்கம், கீழ. வலப்பக்கத்தால மேல ஏத்துங்க. இனிக் குறுக்கால இடப்பக்கம் கொண்டு போங்க. இடப்பக்கத்தால இறக்குங்க. இந்தப் பயணத்தில தண்ணியை உறிஞ்சி எடுக்கும். வயித்தோட்டம் வந்தா இந்தத் தண்ணி உடம்புக்குக் கிடைக்காம வீணாப் போகும், அதுதான் களைச்சு விழுறம். கடைசியா நேர்குடல், கழிவைத் தேக்கி வைக்கிற இடம். குதத்தால வெளிய போகும். பிட்டு முடிஞ்சுது."

"நேரம்," என்றார் ஞானமணி மிஸ்.

திரும்பினேன். இரண்டு பேரும் மேசைக்கு இந்தப் பக்கம், என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். காசிநாதர் சேர் தன் கதிரையில் போய் இருந்துகொண்டு எழுதத் தொடங்கினார்.

"ஒண்டு கேக்கிறன்," என்றார் தலையைத் தூக்காமல். "உங்கட முதுகுப் படம் இப்ப முழுக்கச் சரியோ?"

"இல்ல சேர். பக்கம்தான் சரி. பின்னாலிருந்து பாத்தா இரைப்பைக்கு முதல்ல சதையி தெரிய வேணும். இதில அது இரைப்பைக்கு அடியில இருக்கு."

"ம். வகுப்புக்கு முதுகு காட்டினதுக்குப் புள்ளி இல்லை. அதை நான் போட ஏலாது."

"ஓம் சேர். தெரிஞ்சுதான் திரும்பினனான்."

"போகலாம்."

அவ்வளவுதான். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. வராந்தாவில் பூரணிக்குக் கையைக் காட்டிவிட்டுப் படியிறங்கினேன். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்வரை அடக்கி வைத்திருந்தேன், பிறகு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன்.

வாசலிலேயே ராத்தா நின்றாள்.

"என்னடி, ஏப்ரனை என்ன சொன்னாங்க?"

"எழும்பி வந்து பாத்தாங்க ராத்தா," என்றேன். அதில் பொய் இல்லை. அவள் முகம் பூரித்தது, மிச்சத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, தன் தங்கச்சி நேர்முகத்துக்குத் தான் தைத்த உடுப்பைப் பற்றிச் சொன்னாள். மூன்று கிழமை அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரவில் கண்ணை மூடினால் அந்தப் புள்ளித் தாள்தான் வரும்.

தெரிவானவர்களின் பட்டியலைக் கந்தோரில் ஒட்டிய அன்று ராத்தாவும் கூடவே வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்பவள் இல்லை. அறிவித்தல் பலகையைச் சுற்றி ஒரே கூட்டம். நான் மதிலடியிலேயே நின்றுவிட்டேன். ராத்தாதான் ஆட்களை விலத்திக்கொண்டு உள்ளே போனாள். மேலிருந்து கீழே அவள் விரல் இறங்குவதைத் தூரத்தில் நின்று பார்த்தேன். பாதி தாண்டியும் விரல் நிற்கவில்லை. கடைசிக்கு நான்கு பேர் முன்னால் நின்றது.

"சுஹைரா! இருக்குடி! உண்ட பேர் இருக்கு!"

மதிலோடு சாய்ந்து, அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனைப் புகழ்ந்தேன். ராத்தா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். அப்போது சொன்னேன். துணியின் உட்பக்கம், கண்ணாடி, இடப்பக்கத்து ஈரல், முதுகு எல்லாவற்றையும் அந்த மதிலடியிலேயே சொல்லி முடித்தேன்.

அவள் கை மெல்லத் தளர்ந்தது. முகத்தில் இருந்த சந்தோசம் முழுக்க வடிந்தது.

"நான்தானா?" என்றாள். "பதினொரு வருஷத்தையும் நான் எண்ட கையாலயே கெடுக்கப் பாத்தனா?"

"கெடல்லயே ராத்தா. பேர் இருக்கே."

"வந்த அண்டைக்கே ஏன்டி சொல்லல்ல? நான் ஊர் முழுக்க வாய் கிழியப் பீத்திக்கொண்டு திரிஞ்சன். நீ எல்லாத்தையும் பாத்துக்கொண்டு பேசாம இருந்திருக்காய்!"

"சொல்லியிருந்தா நீ இந்த மூண்டு கிழமையும் சோறு திண்டிருக்க மாட்டாய்."

"பேர் இல்லாட்டி?"

நான் அறிவித்தல் பலகைப் பக்கம் பார்த்தேன். பேர் இல்லாவிட்டால் மௌத்தாகிக் கண்ணை மூடும் வரை அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டேன். ராத்தாவுக்கு அது விளங்கிவிட்டது. அத்தனை ஆட்கள் நடுவில் என்றும் பாராமல் என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். எங்களைச் சுற்றி ஆட்கள் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.